மாடித்தளம் ஒழுகுகிறது: வீட்டு உரிமையாளருக்கு ஒரு மெயில்

திருப்பூர் மழை மறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவமழை இங்கே பெரும்பாலும் காற்றோடும் தூறலோடும் போய்விடும். தளத்தைச் சோதிக்கிற மாதிரியான மழை அக்டோபரிலும் நவம்பரிலும்தான் வருகிறது. அதனால் மொட்டை மாடியில் விழுந்த விரிசல் வருடத்தின் பெரும்பகுதி யார் கண்ணிலும் படாமல் இருந்துவிட்டு, அடுத்தடுத்து இரண்டு நாள் மழை பிடித்ததும் படுக்கையறை மூலையில் சொட்டத் தொடங்கும். வீட்டு ஓனருக்குச் சொன்னால் "இத்தனை வருஷமா ஒழுகலையேங்க" என்பார். அவர் சொல்வது பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும்.

சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. ஒழுகல் தெரியவரும் மாதங்களில்தான் அதை முறையாகச் சரிசெய்ய முடியாது. நீர்த்தடுப்புப் பூச்சுகளில் பெரும்பாலானவை காய்ந்த தளத்தில்தான் பிடிக்கும். ஈரத்தின் மேல் பூசினால் அடுத்த வெயிலில் கொப்புளமாகக் கிளம்பிவிடும். "மழை விடட்டும், பார்க்கலாம்" என்று ஓனர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மழை விட்டதும் ஒழுகலும் நின்றுவிடும், பேச்சும் நின்றுவிடும், அடுத்த அக்டோபரில் எல்லாம் திரும்ப ஆரம்பிக்கும் என்று வாடகைக்கு இருப்பவர் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே இந்த மெயில் ஒரே கோரிக்கையை வைக்காமல் இரண்டாகப் பிரித்துக் கேட்க வேண்டும்: மழைக்காலத்துக்குள் தற்காலிக அடைப்பு, தளம் காய்ந்த பிறகு நிரந்தர வேலை. இரண்டுக்கும் தனித்தனித் தேதி. மற்றதெல்லாம் இதற்குத் துணைதான்.

இந்த ஊரில் வீட்டு விஷயங்கள் போனிலேயே முடிந்துவிடும். "அண்ணா, ரூம் ஒழுகுதுங்க." "சரிங்க, கொத்தனாரைப் பார்த்து அனுப்பறேன்." இரண்டு பேரும் நல்ல மனதோடுதான் பேசியிருப்பார்கள். ஆனால் எந்த மூலை, எத்தனை நாளாக, எப்போது ஆள் வருவார் என்பது எங்கும் பதிவாகியிருக்காது. ஆகவே முதலில் போன் பண்ணுங்கள். மறுநாளே, பேசியதை மெயிலாக அனுப்புங்கள். போன் செய்யாமல் நேரே மெயில் போனால் ஓனருக்கு அது வக்கீல் நோட்டீஸ் மாதிரித் தெரியும். பேசியதற்குத் தொடர்ச்சியாக வந்தால் சங்கடமில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, மின்னணுப் பதிவையும் எழுத்தாக ஏற்கிறது என்பதால், பின்னால் "எழுத்தில் தெரிவித்தீர்களா?" என்ற கேள்வி வந்தாலும் இந்த மெயில் நிற்கும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அனுப்பர்பாளையத்தில் ஒரு மாடி வீடு. வாடகை மாதம் 7,000 ரூபாய். குடியிருப்பவர் பனியன் கம்பெனி டெய்லர். வேலை நாட்களில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்குத்தான் திரும்புவார். ஓனர் கோவையில் இருக்கிறார். வீட்டுக்கு வந்து பல மாதங்கள் ஆகியிருக்கும். அவர் பார்க்காத ஒரு மூலையை அவர் கண்ணுக்குக் கொண்டுபோவதுதான் மெயிலின் முதல் வேலை.

அதற்கு, எழுதுவதற்கு முன் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது. சீலிங்கில் ஈரக் கறையின் ஓரத்தைச் சுற்றி பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். அடுத்த மழைக்குப் பின் கறை கோட்டைத் தாண்டியிருந்தால், ஒழுகல் வளர்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. மழை நின்று நான்கைந்து நாள் வெயில் அடித்தும் அந்த இடம் ஈரமாகவே இருந்தால், அது மழைநீர் இல்லாமல் தண்ணீர்த் தொட்டியோ குழாயோ கசிவதாக இருக்கலாம். மழை பெய்தால் மட்டும் நனைந்து, வெயிலில் காய்ந்து, பழுப்பு வளையம் விட்டால் வழி மொட்டை மாடியில் இருக்கிறது. வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், தண்ணீர் காங்கிரீட்டுக்குள் கொஞ்ச காலமாகவே ஊறி இறங்குகிறது என்று பொருள்.

பிறகு மாடிக்குப் போய்ப் பாருங்கள். ஆர்.சி.சி. தளம் ஒழுகுவதற்குப் பல வீடுகளில் முதல் காரணம் மிகச் சாதாரணமானது: மழைநீர்க் குழாய் வாயில் இலையும் குப்பையும் அடைத்துத் தண்ணீர் தேங்கியிருக்கும். அடுத்து, தட்டோடுகளுக்கு நடுவே பூசிய கலவை பெயர்ந்திருக்கும். மூன்றாவது, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் ஓரம். வெயிலில் இரண்டும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை என்பதால் அந்த ஓரத்தில்தான் விரிசல் எளிதாக விழுகிறது. கண்ணில் பட்டதை மட்டும் எழுதுங்கள். "தளமே போச்சு" என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை. அதற்குக் கொத்தனாரோ இன்ஜினியரோ வர வேண்டும். ஆனால் பூச்சு பாளம் பாளமாக விழுந்து உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிந்தால், அல்லது ஃபேன் மாட்டியிருக்கும் கொக்கி வழியாகவோ சுவிட்ச் பெட்டிப் பக்கமோ தண்ணீர் இறங்கினால், அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம். மின்சாரத்தை எம்.சி.பி.யில் நிறுத்திவிட்டு, அன்றே போனிலும் மெயிலிலும் சொல்லிவிடுங்கள்.

படங்கள் நான்கு போதும். அறை முழுவதும் தெரிகிற மாதிரி ஒன்று, கறை மட்டும் அருகில் ஒன்று, மொட்டை மாடியில் அதே மூலை ஒன்று, தேதி எழுதிய பென்சில் கோடு ஒன்று. தண்ணீர் சொட்டும்போது இருபது விநாடி வீடியோ கிடைத்தால் நல்லது. முப்பது படம் அனுப்பினால் அவர் எதையும் பார்க்க மாட்டார்.

இனி மெயில்.

பொருள்: அனுப்பர்பாளையம் மாடி வீடு: தளத்தில் மழைநீர் ஒழுகல், அக்டோபர் 31-க்குள் தற்காலிக அடைப்பு வேண்டி

மதிப்பிற்குரிய அண்ணா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் அனுப்பர்பாளையம் வீட்டின் மாடியில் குடியிருக்கும் நான், நேற்று (அக்டோபர் 21) மாலை போனில் சொன்னதைப் படங்களுடன் எழுத்தில் அனுப்புகிறேன்.

அக்டோபர் 18 இரவு பெய்த மழையில், படுக்கையறையின் வடகிழக்கு மூலையில் தளமும் சுவரும் சேரும் இடத்தில் ஈரம் தெரிந்தது. 20-ம் தேதி இரவு மழையில் அதே இடத்தில் சொட்டத் தொடங்கி, மறுநாள் காலை வரை சொட்டியது. இப்போது கறை சுமார் மூன்றடி நீளம், இரண்டடி அகலம். அதிலிருந்து ஒன்றரை அடியில் சுவிட்ச் பெட்டி இருப்பதால் அந்த அறையின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஹாலில் படுத்துக்கொள்கிறோம்.

21-ம் தேதி காலை மொட்டை மாடியில் பார்த்தேன். மழைநீர்க் குழாய் வாயில் இலை அடைத்துத் தண்ணீர் தேங்கியிருந்தது, அடைப்பை எடுத்துவிட்டேன். அதே மூலையில் கைப்பிடிச் சுவர் ஓரமாகத் தட்டோட்டு இடுக்குகளில் பூச்சு பெயர்ந்திருக்கிறது. தண்ணீர்த் தொட்டி எதிர்மூலையில் உள்ளது; அங்கே கசிவு தெரியவில்லை. சரியான காரணத்தைக் கொத்தனார் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

உங்களிடம் இரண்டு உதவி வேண்டும்.

முதலாவது, அக்டோபர் 31-க்குள் ஒரு கொத்தனாரை அனுப்பி, அந்த மூலையைத் தற்காலிகமாக அடைத்துத் தர வேண்டும்.

இரண்டாவது, மழை ஓய்ந்து தளம் காய்ந்ததும், ஜனவரி 31-க்குள் தட்டோட்டு இடுக்குகளையும் சுவர் ஓரத்தையும் நிரந்தரமாகச் சரிசெய்து தர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் வீட்டில் இருப்பேன். மற்ற நாட்களில் என் மனைவி இருப்பார். ஆள் வருவதை முதல் நாள் சொன்னால் போதும். உங்களுக்கு ஆள் கிடைக்கச் சிரமம் என்றால், நானே ஒரு கொத்தனாரிடம் மதிப்பீடு வாங்கி அனுப்புகிறேன். நீங்கள் சம்மதம் எழுதிய பிறகு வேலையை முடித்து, பில்லுடன் அந்தத் தொகையை வாடகையில் கழித்துக்கொள்ளலாம்.

நவம்பர் வாடகையை வழக்கம்போல 5-ம் தேதிக்குள் அனுப்பிவிடுவேன். எந்த நாளில் ஆள் வருவார் என்று அக்டோபர் 25-க்குள் பதில் எழுதினால், வீட்டில் ஏற்பாடு செய்துகொள்ள வசதியாக இருக்கும்.

இணைப்பு: படங்கள் 4, வீடியோ 1

இப்படிக்கு,
(பெயர், மாடி வீடு, கைபேசி எண்)

இந்த மெயிலில் கோபம் எங்கும் இல்லை. ஆனால் மூன்று தேதிகள் இருக்கின்றன, உறுதி முழுவதும் அவற்றில் இருக்கிறது. "உடனடியாக ஆவன செய்யவும்" என்று எழுதினால் கேட்பதற்குக் கடுமையாக இருக்கும், ஆனால் அதில் நாள் இல்லை. 25-ம் தேதி தாண்டினால் பதில் வரவில்லை என்று இருவருக்குமே தெரியும். விவாதிக்க ஒன்றும் இருக்காது. மரியாதையும் அப்படித்தான். "தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்" என்று நான்கு இடத்தில் எழுதுவதைவிட, அடைப்பை நாமே எடுத்ததைச் சொல்வதும், அவருக்கு ஆள் கிடைக்காவிட்டால் என்ன செய்யலாம் என்று யோசித்திருப்பதும் மேலான மரியாதை. வாடகையைப் பற்றிய ஒரு வரியை விட்டுவிட வேண்டாம். ஓனரின் மனதில் முதலில் எழும் சந்தேகம், இதைச் சாக்காக வைத்து வாடகையை நிறுத்துவார்களோ என்பதுதான்.

"அண்ணா" என்பதை மாற்ற வேண்டியதில்லை. நேரில் அண்ணா என்று அழைத்தவரை மெயிலில் திடீரென்று "மதிப்பிற்குரிய வீட்டு உரிமையாளர் அவர்களே" என்றால் உறவு முறிந்ததுபோல இருக்கும். அய்யா என்று அழைத்திருந்தால் அய்யா, அக்கா என்றால் அக்கா. மெயில் அனுப்பியதும் வாட்ஸ்அப்பில் "மெயில் அனுப்பியிருக்கேன்ங்க அண்ணா, பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். பல ஓனர்கள் மெயிலைத் திறந்து பார்ப்பதே அபூர்வம்.

இந்த ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பல வீடுகளில் ஒரு அறையில் ஓவர்லாக் மெஷினோ, செக்கிங்குக்கு வந்த பீஸ் கட்டுகளோ இருக்கும். வெள்ளைத் துணியில் தளத்துத் தண்ணீர் பட்டால் விழும் பழுப்புக் கறை லேசில் போகாது, நஷ்டம் நம் தலையில் விழும். அந்த நஷ்டத்தை முதல் மெயிலிலேயே கேட்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒப்பந்தத்தில் "குடியிருப்புக்கு மட்டும்" என்று இருந்தால், பேச்சு தளத்தை விட்டுவிட்டு மெஷினைப் பற்றிப் போய்விடும். கூரை அப்படியே ஒழுகும். துணியை வேறு அறைக்கு மாற்றிவிட்டு, நனைந்ததைப் படம் எடுத்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். தொழிலுக்கென்றே வாடகைக்கு எடுத்த இடம் என்றால் கதை வேறு. அங்கே நனைந்த பீஸ் எத்தனை, எந்த நாளில் என்று மெயிலிலேயே எழுதலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் மெயிலில் அதை எழுத வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 1960-ம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை முறைப்படுத்தும் 2017-ம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் 15-வது பிரிவும் இரண்டாம் அட்டவணையும் யார் எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்று பிரிக்கின்றன. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, சாக்கடை அடைப்பு ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. கட்டட அமைப்பு சார்ந்த பழுது, குடியிருப்பவர் ஏற்படுத்திய சேதமாக இல்லாத வரை, உரிமையாளர் பொறுப்பு. தளம் அதில்தான் வருகிறது. ஆனால் மாடியில் நாம் துணி காயப்போடக் கம்பி நட்டுத் தட்டோட்டை உடைத்திருந்தால் அந்த மூலைக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். அப்படி ஒன்று இருந்தால் மெயிலில் மறைக்காமல் எழுதிவிடுவது நல்லது. கொத்தனார் வந்து பார்த்ததும் தெரிந்துவிடும்.

25-ம் தேதி தாண்டியும் பதில் இல்லையென்றால் இரண்டாவது மெயில். அது முதல் மெயிலுக்கே பதிலாகப் போகட்டும். பழைய தேதிகளும் படங்களும் கீழேயே இருக்கும். நான்கு வரி போதும்: முதல் மெயில் அனுப்பிய நாள், இடையில் பெய்த மழையில் கறை எவ்வளவு வளர்ந்தது, புதிய தேதி, அதன் பிறகும் வேலை நடக்காவிட்டால் 15-வது பிரிவின்படி நாமே செய்து வாடகையில் கழிக்க வேண்டியிருக்கும் என்ற தகவல். சட்டத்தின் பெயர் இங்கேதான் முதல் முறையாக வருகிறது. இதையே அச்சிட்டு ஒப்புகையோடு தபாலிலும் அனுப்பிவிடுங்கள்.

கழிப்பதற்கு அளவு உண்டு. உரிமையாளர் மறுத்தால் குடியிருப்பவர் வேலையைச் செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று சொல்லும் அதே பிரிவு, ஒரு மாதத்தில் வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக் கூடாது என்கிறது. நம் வீட்டில் வேலைக்கு 9,000 ரூபாய் ஆனதாக வைத்துக்கொண்டால், 7,000 வாடகையில் மாதம் 3,500-தான் பிடிக்கலாம். முதல் இரண்டு மாதம் 3,500 வீதம், மூன்றாவது மாதம் 2,000. ஒவ்வொரு மாதமும் எவ்வளவு கழித்தோம், மீதி எவ்வளவு என்று ஒரு வரி மெயில் போட்டுவிட வேண்டும். வாடகையை முழுவதுமாக நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது. வாடகை பாக்கி என்பது அதே சட்டத்தில் வெளியேற்றக் கேட்பதற்கான காரணங்களில் ஒன்று. நியாயம் நம் பக்கம் இருந்தும், வழக்கை அவர் கையில் கொடுத்ததாக ஆகிவிடும்.

வீடு குடியிருக்கவே முடியாத நிலைக்குப் போய், எழுத்தில் கேட்டும் உரிமையாளர் மறுத்தால், 15 நாள் எழுத்து அறிவிப்புக் கொடுத்துக் காலி செய்யவோ, துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் போகவோ வழி இருக்கிறது. அதனால்தான் "இங்கே வாழவே முடியவில்லை" என்று முதல் மெயிலிலேயே எழுத வேண்டாம் என்கிறேன். அது சட்டத்தில் எடையுள்ள வார்த்தை. ஒரு மூலை சொட்டும்போது அதைச் செலவழித்துவிட்டால், உண்மையிலேயே பூச்சு இடிந்து விழும் நாளில் நம்ப ஆள் இருக்காது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, பதிவும் செய்திருந்தால்தான் வாடகை அதிகாரியிடம் போவது எளிது. வாய்ப்பேச்சில் குடியேறியவர்களுக்கு அந்தக் கதவு சுலபமாகத் திறக்காது. அவர்களுக்கு இந்த மெயில்களும் வாடகை அனுப்பிய வங்கிப் பதிவும்தான் கையில் இருக்கும் ஆதாரம். கம்பெனி தன் சொந்தக் கட்டடத்தில் வேலை ஒப்பந்தத்தின் பகுதியாகத் தன் தொழிலாளர்களுக்குக் கொடுத்த குடியிருப்புகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே இருப்பவர்கள் மெயிலை நிர்வாகத்துக்குத்தான் எழுத வேண்டும், பிரிவு எண்ணைக் காட்டிப் பயனில்லை.

லைன் வீடுகளில் சிமெண்ட் அட்டைக் கூரையாக இருந்தால் மெயிலின் நடுப்பகுதி மட்டும் மாறும். அட்டை பெரும்பாலும் ஆணி போட்ட துளையில், வாஷர் காய்ந்து சுருங்கியதும் ஒழுகும். அல்லது ஒரு அட்டை மேல் இன்னொன்று ஏறும் இடத்தில் காற்றடிக்கும்போது சாரல் உள்ளே ஏறும். எந்தத் துளை என்று உள்ளே இருந்தே பகலில் பார்க்கலாம். வெளிச்சப் புள்ளி தெரியும். கூரை மேல் மட்டும் ஏற வேண்டாம். பழைய அட்டை ஆள் எடையைத் தாங்காமல் சட்டென்று உடையும். மேலும் பழைய அட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும் என்பதால் அதைத் துளையிடுவதும் அறுப்பதும் மூச்சுக்குக் கெடுதல். வாஷர் மாற்றுவது மழைக்காலத்திலேயே, வெயில் அடிக்கும் ஒரு காலையில் முடிந்துவிடும் வேலை. ஆகவே இங்கே இரண்டு தேதி வேண்டாம், ஒன்றே போதும். பல வீடுகளுக்கு ஒரே கூரை என்றால், ஒழுகும் வீட்டுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து, எந்தக் கதவு எண்ணில் எத்தனை இடம் என்று ஒரே மெயிலாக அனுப்புவது நல்லது. ஓனருக்கும் ஒரே நாளில் ஒரே ஆளை வைத்து முடிக்கலாம் என்பது புரியும்.

ஜனவரியில் நிரந்தர வேலை முடிந்ததும் இன்னொரு மெயில் மிச்சமிருக்கிறது. பூசியது நிற்கிறதா என்று அடுத்த அக்டோபர் வரை காத்திருக்கத் தேவையில்லை. பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு மழைநீர்க் குழாய் வாயை அடைத்து, அந்தப் பகுதியில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுக்க விட்டுப் பார்ப்பது வழக்கமான சோதனை. அப்படிக் கட்டினால் ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோ எடை ஏறும். அதனால் கம்பி துருத்திய பழைய தளத்தில் இதைச் செய்யலாமா என்பதைக் கொத்தனாரோ இன்ஜினியரோதான் சொல்ல வேண்டும். அவர் சரி என்றால், கூலியை முழுவதும் கொடுப்பதற்கு முன்பே சோதித்துவிடும்படி ஓனரிடம் கேளுங்கள். கீழே பழைய கறை காய்ந்தே இருந்தால் அதைப் படம் எடுத்து, சோதனை நடந்த தேதியோடு, நன்றி சொல்லி, அதே மெயில் தொடரில் அனுப்பிவிடுங்கள்.